ஏஐ மாற்றிய கல்சட்டிப் படம்: நிராகரிப்பு முதல் விளக்கக் கடிதம் வரை

பின்னணி

சேலத்தில் மாக்கல் சட்டி விற்கும் ஓர் அக்காவுக்கு இணையக் கடை வேலைகளை நான் பார்த்துக் கொடுக்கிறேன். படம் ஏற்றுவது, அளவு எழுதுவது, ரிட்டர்ன் வந்தால் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. சட்டியைக் கடைந்து தருபவர்கள் வேறு. அக்கா அவர்களிடம் எடுத்து, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கட்டி அனுப்புவார். இங்கே எழுதுவது ஒரே ஒரு சட்டியின் படத்தைப் பற்றி: ஒன்றரை லிட்டர் கொள்ளும், இரண்டு காது வைத்த குழம்புச் சட்டி. வாயின் வெளி அகலம் பத்தொன்பதரை சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய இரண்டரை கிலோ.

கல்சட்டி தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். கடைசலில் இருந்து வரும் புதுச் சட்டி சாம்பல் நிறமாக இருக்கும். தொட்டால் விரலில் மாவு மாதிரி லேசாக ஒட்டும். சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊற வைத்து, சில நாள் அப்படியே செய்து, பிறகு மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிப் பழக்கினால்தான் கல் கறுக்கத் தொடங்கும். நம் பாட்டி வீட்டில் பார்த்த அந்தக் கன்னங்கரிய சட்டி பல வருடச் சமையலில் வந்தது. இந்த ஒரு நிற வித்தியாசம்தான் பின்னால் நடந்த பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

படம் எப்படி மாறியது

பழைய படம் அக்கா செல்போனில் எடுத்தது. சிமெண்ட் தரை, மேலே டியூப்லைட், பின்னால் சாக்குப் பை தெரியும். அது யார் கண்ணிலும் படவில்லை. நான் அந்தப் படத்தையே ஓர் ஏஐ செயலியில் கொடுத்து, இதே சட்டியை மர மேசையில், காலை வெளிச்சத்தில், உள்ளே வத்தக்குழம்போடு காட்டு என்று கேட்டேன். நான்கு படம் வந்தது. அதில் அழகானதை எடுத்தேன். அக்காவுக்கும் அனுப்பினேன். அன்று அவர் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். சின்னத் திரையில் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, போட்டுடு" என்றார். குழம்பு தெரியும் படத்தை இரண்டாவதாக வைத்தேன். அதே செயலியில் வெள்ளைப் பின்புலம் கேட்டு வாங்கிய இன்னொன்றை முதன்மைப் படமாக்கினேன்.

படம் நன்றாக ஓடியது. பார்ப்பவர்கள் கூடினார்கள், ஆர்டரும் வந்தது. அடுத்து ரிட்டர்ன் வந்தது. ஒருவர் "கறுப்புச் சட்டி கேட்டேன், சிமெண்ட் கலரில் வந்திருக்கிறது" என்று எழுதினார். இன்னொருவர் சட்டிக்குள் ஓடும் ஒரு வெளிர் கோட்டைப் படம் எடுத்து அனுப்பி, விரிசல் விட்ட பொருளை ஏமாற்றி விற்றுவிட்டீர்கள் என்றார். அது விரிசல் இல்லை. கல்லில் இயல்பாக ஓடும் ரேகை. ஆனால் அவர் பார்த்து வாங்கிய படத்தில் அப்படி ஒரு ரேகையே கிடையாது. மூன்றாமவர் மூடி எங்கே என்று கேட்டார். குழம்புப் படத்தில் சட்டிக்குப் பின்னால் ஒரு கல் மூடி சாய்ந்து நின்றது. நான் அதைக் கேட்கவில்லை, செயலி தானாக வரைந்தது. நானும் கவனிக்கவில்லை.

நிராகரிப்பும் முதல் பதிலும்

மூன்றாவது புகார் வந்த சில நாளில் விற்பனைத் தளம் லிஸ்டிங்கை, அதாவது இந்தச் சட்டியின் விற்பனைப் பக்கத்தை, நிறுத்தியது. அறிவிப்பில் இருந்தது இரண்டே வரி: படம் விற்கப்படும் பொருளைச் சரியாகக் காட்டவில்லை, அது உருவாக்கப்பட்ட அல்லது பெரிதும் மாற்றப்பட்ட படமாகத் தெரிகிறது, திருத்தி, விளக்கத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.

அன்று இரவே நான் ஒரு பதில் அனுப்பினேன். "இது எங்கள் சொந்தப் பொருளின் அசல் படம். மறுபரிசீலனை செய்யுங்கள்." பொருள் எங்களுடையது என்பது உண்மை. படம் அசல் என்பது உண்மை இல்லை. செல்போன் படத்திலிருந்து வந்ததால் அதை அசல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் மறுப்பு வந்தது. இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் உறுத்துவது இந்த ஒரு வரிதான். புகார் சொன்ன மூன்று பேரின் வார்த்தையையும் படிக்காமல், லிஸ்டிங்கைத் திரும்பத் திறப்பதை மட்டும் நினைத்து எழுதிய வரி அது.

இரண்டாவதாகச் செய்ததும் சரியில்லை. அதே செயலியில், சட்டியை மாற்றாதே, பின்புலத்தை மட்டும் வெள்ளையாக்கு என்று கட்டளையைத் திருத்தி, புதுப் படத்தை ஏற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பர், படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றினால் ஏஐ அடையாளம் போய்விடும் என்றார். கோப்பில் அப்படி ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று மட்டும், படக் கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் exiftool கருவியில் பார்த்தேன்.

```
exiftool -XMP-iptcExt:DigitalSourceType satti.jpg
```

`trainedAlgorithmicMedia` என்று முடியும் ஒரு மதிப்பு வந்தது. பயிற்சி கொடுத்த ஏஐ உருவாக்கிய படம் என்று சொல்ல, செய்தித் துறையின் தரநிலை அமைப்பான ஐபிடிசி வகுத்த சொல் அது. செயலியே கோப்புக்குள் எழுதி வைத்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் மூடி இல்லாத சட்டிக்கு மூடி வந்துவிடாது. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

சட்டியையும் படத்தையும் பக்கத்தில் வைத்தபோது

மறுநாள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அக்காவின் கிடங்குக்கே போனேன். பெரிய திரையில் படத்தைத் திறந்து, அதே சட்டியைப் பக்கத்தில் வைத்தோம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நம்ம சட்டியே இல்ல தம்பி. நம்ம சட்டிக்குக் காது இப்படியா இருக்கு?"

உண்மைச் சட்டியின் காது, உடலோடு சேர்ந்தே செதுக்கிய தடித்த கல் துண்டு. கட்டைவிரல் மேலே தங்க ஒரு சின்னப் பள்ளம் உண்டு. இரண்டு காதும் அச்சு வார்த்தது போல் இருக்காது. படத்தில் இருந்தது வளையம், நடுவில் ஓட்டையோடு. அந்த ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கலாம் என்று வாங்குபவர் நினைப்பார். இரண்டரை கிலோ சட்டியில், கொதிக்கும் குழம்போடு அது சாதாரண விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன். வெளிப்புறம் சுற்றிலும் தெரியும் உளித் தடம் படத்தில் இல்லை; பீங்கான் போல வழவழவென்று இருக்கிறது. விளிம்பு விரல் தடிமன் இருக்க வேண்டியது தோசைக்கல் போல மெலிந்திருக்கிறது. நிறம் பத்து வருடம் பழகிய கறுப்பு, மேலே பளபளப்பு வேறு. ரேகை ஒன்றுகூட இல்லை. குழம்புப் படத்தில் சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கறிவேப்பிலை இலை, சட்டியின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் சட்டி உண்மையைவிட மிகப் பெரிதாகத் தெரிகிறது.

என் கட்டளையில் சட்டியை மாற்றாதே என்று எழுதியிருந்தேனே, பிறகு எப்படி மாறியது? இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இப்படிப்பட்ட செயலி நாம் கொடுக்கும் படத்தை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவதில்லை. படத்தைப் பார்த்து, அதுபோல் இன்னொன்றை முழுவதுமாக வரைகிறது. நுணுக்கமான உளித் தடம், ஒழுங்கில்லாத ரேகை போன்றவை அந்த மறுவரைவில் முதலில் காணாமல் போகின்றன. கறுப்பு வழவழப்புப் பாத்திரங்களின் படங்கள் உலகில் நிறைய இருப்பதால், தெரியாத சாம்பல் சட்டியைத் தெரிந்த பாத்திரத்தின் பக்கம் இழுத்துவிடுகிறது என்பது என் ஊகம். பின்புலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நிரப்பச் சொன்னாலும் ஓரத்தில் கை வைக்கிறது. விளிம்பை நீட்டும், இல்லாத அடிப்பீடம் ஒன்றைச் சேர்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தைப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஜிம்ப் போன்ற படத்திருத்தியில் பழைய படத்தைக் கீழடுக்காகவும் புதியதை மேலடுக்காகவும் வைத்து, மேலடுக்கை `Difference` முறைக்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகும். மாறிய இடம் ஒளிரும். பின்புலம் மட்டும் மாறியிருந்தால் சட்டி கறுப்பு நிழலாகத் தெரிய வேண்டும். என் இரண்டாவது படத்தில் சட்டி முழுக்க ஒளிர்ந்தது. காது இருக்கும் இடத்தில் இரண்டு காது தெரிந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. படத்தின் அளவோ கோணமோ மாறியிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. ஜேபெக் சுருக்கத்தால் வரும் லேசான புள்ளிகளை மாற்றம் என்று எண்ணிவிடவும் கூடாது.

எடுத்த முடிவுகள்

அந்த உட்காரலிலேயே மூன்று முடிவு எடுத்தோம். ஏஐ படம் எதுவும் இந்த லிஸ்டிங்கில் இருக்காது, குழம்புப் படம் உட்பட. தளம் ஏஐ படத்தை அடியோடு தடை செய்யவில்லை. வாங்கும் பொருளை மாற்றிக் காட்டக் கூடாது என்பதுதான் அதன் விதி. இருந்தாலும் கல்சட்டியில் எது பின்புலம், எது பொருள் என்று செயலியால் பிரித்துவைக்க முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். துணிப்பைக்கோ பிளாஸ்டிக் டப்பாவுக்கோ இதே முடிவை எடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, பழக்காத சட்டியும் பழக்கிய சட்டியும் தனித்தனித் தேர்வாக, தனித்தனிப் படத்தோடு வரும். அக்கா பழக்கிய சட்டியும் கொஞ்சம் விற்கிறார். அதுவரை இரண்டும் ஒரே படத்தின் கீழ் இருந்தன.

மூன்றாவது, அனுப்பாமல் கையில் இருந்த ஏழு ஆர்டர்களுக்கும் உண்மைப் படத்தை அனுப்பி, வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம் என்று சொல்வது. இதில் அக்காவுக்கு முதலில் தயக்கம். "சாம்பலா இருக்கறத காட்டினா யாரு வாங்குவா?" என்றார். நான் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளைப் பற்றிச் சொன்னேன். படமும் விவரமும் பொருளின் தோற்றத்தோடும் தரத்தோடும் ஒத்துப்போகும் என்று விற்பனையாளரிடம் தளம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் முடியாது. ஆனால் அவர் மனம் மாறியது விதியைக் கேட்டு இல்லை. திரும்பி வந்த சட்டிகளில் ஒன்று வழியில் காது உடைந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லிடு" என்றார்.

மீண்டும் படம் எடுத்தது

மாக்கல்லைப் படம் எடுப்பதில் இருக்கும் சிக்கல், வெள்ளைத் தாளில் வைத்தால் சாம்பல் விளிம்பு வெள்ளையோடு கரைந்துவிடுவது. முதல் நாள் அப்படித்தான் ஆனது. பின்புலம் நீக்கும் கருவி விளிம்பின் ஒளிபட்ட பகுதியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. ஏஐ படத்தில் இருந்த அதே மெலிந்த விளிம்பு, இந்த முறை வேறு காரணத்தால்.

சரிசெய்தது இரண்டு கறுப்புச் சார்ட் அட்டை. சட்டியின் இரு பக்கமும், படச் சட்டகத்துக்குச் சற்று வெளியே நிற்க வைத்தோம். கல்லின் ஓரத்தில் கறுப்பு லேசாகப் பிரதிபலித்து, விளிம்பைச் சுற்றி மெல்லிய இருண்ட கோடு விழுந்தது. அதன் பிறகு வெட்டுவது சுலபமாகிவிட்டது. ஓரத்தை நானே பெரிதாக்கிக் கையால் வெட்டினேன். வெளிச்சம் வடக்குப் பக்க ஜன்னலில் இருந்து மட்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டோம், இரண்டு வெளிச்சம் கலந்தால் சாம்பல் கல் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும். முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து, அதை வைத்து நிறத்தைச் சமன் செய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் போட்டேன்.

முதன்மைப் படத்தில் வெள்ளைப் பின்புலத்தில் சட்டி மட்டும். அடுத்தவற்றில் உட்புறம் ரேகையோடு, காது கை பிடித்த நிலையில், வாய் மேல் ஸ்கேல் வைத்து, பழக்கியதும் பழக்காததும் பக்கத்தில் பக்கத்தில். குழம்புப் படமும் வேண்டும் என்று அக்கா சொன்னார். அவர் வீட்டுச் சமையலறையில், அவரே வைத்த வத்தக்குழம்போடு எடுத்தோம்.

தளத்துக்கு அனுப்பிய விளக்கம்

விளக்கத்தை ஆங்கிலத்தில் அனுப்பினோம். அதன் தமிழ் வடிவம் இது.

"எங்கள் ஒன்றரை லிட்டர் கல்சட்டி லிஸ்டிங்கின் படங்களை நீங்கள் நிராகரித்தது சரி. முதன்மைப் படமும் இரண்டாவது படமும் ஏஐ செயலியால் உருவாக்கப்பட்டவை. அவை அசல் படம் என்று முதல் பதிலில் நாங்கள் எழுதியது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறோம். அதன் பிறகு ஏற்றிய மாற்றுப் படமும் அதே செயலியில் செய்ததுதான்.

அந்தப் படங்கள் பொருளிலிருந்து இப்படி வேறுபட்டன. நிறம்: பழக்காத சட்டி சாம்பல், படத்தில் கறுப்பு. காது: பொருளில் கெட்டியான கல், படத்தில் துளையுள்ள வளையம். மேற்பரப்பு: உளித் தடமும் இயற்கை ரேகையும் மறைந்திருந்தன. விளிம்பு: உண்மையைவிட மெலிந்து தெரிந்தது. அளவு: பக்கத்துப் பொருள்களால் சட்டி பெரிதாகத் தெரிந்தது. மூடி: விற்பனையில் இல்லாதது படத்தில் இருந்தது.

அந்தப் படங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். இப்போது இணைத்திருப்பவை நாங்கள் கேமராவில் எடுத்தவை. முதன்மைப் படத்தில் பின்புலத்தை வெட்டி நீக்கியதும், எல்லாப் படங்களிலும் நிறத்தைச் சமன் செய்ததும் தவிர வேறு திருத்தம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெட்டாத மூலப் படத்தையும், அளவுகோல் வைத்த படத்தையும் இணைத்துள்ளோம். பழக்கியது, பழக்காதது என இரண்டு தேர்வாகப் பிரித்துள்ளோம். மூடி சேராது என்பதும், ரேகை கல்லின் இயல்பு என்பதும், கையால் செய்வதால் அளவு சிறிது மாறும் என்பதும் விவரத்தின் மேல்பகுதியில் உள்ளன.

அதே செயலியில் செய்த படம் எங்கள் கடையில் வேறு இரண்டு லிஸ்டிங்கிலும் இருந்தது. நீங்கள் சொல்லும் முன் அவற்றையும் நிறுத்தியிருக்கிறோம். அனுப்பாத ஏழு ஆர்டர்காரர்களுக்கும் உண்மைப் படத்தை அனுப்பியுள்ளோம். ஏற்கெனவே வந்த மூன்று ரிட்டர்னையும் முழுத் தொகையுடன் ஏற்றுக்கொண்டோம்."

இதில் மற்ற இரண்டு லிஸ்டிங்கைப் பற்றிய வரியைச் சேர்க்கலாமா என்று வெகுநேரம் பேசினோம். தளம் அவற்றைக் கவனிக்கவில்லை. சொன்னால் கணக்கையே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ஒரு படத்துக்கு மட்டும் தவறை ஒப்புக்கொண்டு, அதே தவறு அடுத்த பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தும் விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவும் ஒத்துக்கொண்டார்.

பின்னர் நடந்தவை

இரண்டு நாளில் லிஸ்டிங் திறந்தது. கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் ரத்து செய்தார்கள். ஒருவர் பழக்கிய சட்டிக்கு மாறினார். மற்ற நால்வரும் சாம்பல் சட்டியையே வாங்கிக்கொண்டார்கள்.

விற்பனை உடனே பழைய நிலைக்கு வரவில்லை, முதல் சில வாரம் பார்ப்பவர்களே குறைவு. அக்கா சொன்னது ஒரு விதத்தில் உண்மைதான். சாம்பல் சட்டி சின்னப் படத்தில் எடுப்பாகத் தெரியாது. மாறியது வந்த கேள்விகள். விரிசலா, மூடி எங்கே என்று கேட்பது நின்று, எத்தனை நாள் கஞ்சி ஊற்ற வேண்டும், இண்டக்ஷன் அடுப்பில் வைக்கலாமா என்று கேட்டார்கள். இண்டக்ஷனில் கல் சூடாகாது. அந்த வரியையும் விவரத்தில் சேர்த்தோம். நிறம் வேறாக இருக்கிறது என்று சொல்லி அதன் பிறகு இந்தச் சட்டி திரும்பி வரவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது எந்தப் படமும் சட்டியைப் பக்கத்தில் வைத்து, அக்கா பெரிய திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஏறுகிறது. அவர் முதலில் பார்ப்பது காது, பிறகு விளிம்பு, பிறகு உட்புறம். செல்போனில் ஒப்புதல் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். வெட்டாத மூலப் படங்கள் எல்லாம் சரக்கு எண்ணோடு தனிக் கோப்புறையில் இருக்கின்றன. நாளை யாராவது கேட்டால் அரை மணியில் எடுத்துக் கொடுக்கலாம்.

திரும்பச் செய்ய நேர்ந்தால், முதல் ரிட்டர்ன் வந்த அன்றே லிஸ்டிங்கை நானே நிறுத்தியிருப்பேன். "சிமெண்ட் கலர்" என்று அவர் எழுதியதைப் படித்தபோது, கல்சட்டியைப் பற்றித் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட்டேன். அவருக்குத் தெரியாததற்குக் காரணம் நான் போட்ட படம்.

ஒன்று இன்னும் தீரவில்லை. ரேகை ஒவ்வொரு சட்டியிலும் வேறு மாதிரி ஓடும். லிஸ்டிங்கில் இருப்பது ஒரு சட்டியின் படம். போய்ச் சேர்வது இன்னொன்று. ரேகை பட்டையாக ஓடும் சட்டி வந்தால், கட்டும் முன் அக்கா அதை உள்ளும் புறமும் படம் எடுத்து, தளத்தின் செய்திப் பகுதி வழியாக வாங்கியவருக்கு அனுப்பி, பதில் வரும்வரை அலமாரியில் தனியாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆர்டருக்கும் இப்படிச் செய்ய அவரால் முடியவில்லை. சில நாள் அந்தத் தட்டில் மூன்று நான்கு சட்டி காத்திருக்கும்.